தலை மடித்த லாக்

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. எண்ணெய்க் கிணற்றுக்குள் கருவி இறக்கிப் பாறைகளை அளந்து கோடுகளாக வரைந்த நீளக் காகிதம்தான் லாக்; அது வந்ததும் அதன் தலைப் பகுதியைப் பின்பக்கமாக மடித்து கிளிப் போட்டுவிடுவோம். கிணற்றின் பெயர், இடம், யார் தோண்டச் சொன்னது எல்லாம் அந்த மடிப்புக்குள் போய்விடும். படிப்பதற்குத் தேவையான தோண்டும்போது கிணற்றில் ஓடவிடும் சேற்றின் உப்பு, அடிக்கிணற்றின் சூடு ஆகியவற்றை மட்டும் ஓரத்தில் எழுதி வைப்போம். இதை ஆரம்பித்து வைத்தவன் என் கணவன். ஒரு கிணற்றின் மேல் ஆசை வைத்தவன் அதன் லாக்கைப் படிக்கக் கூடாது என்பான். படித்தால் தண்ணீர்கூட எண்ணெயாகத்தான் தெரியுமாம்.

"பொண்ணு பாக்கப் போற கூட்டத்துல மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போகக் கூடாது. அவன் எதைப் பாத்தாலும் சரிம்பான்" என்று சிரிப்பான்.

அவன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? வருகிறவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு "நீதான் தைரியமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர்கள் அழுதார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். அதைவிட அலுவலகம் மேல்.

அன்று காலை பென்சில் என் மேசைக்கு வந்தான். எங்களுடன் படித்தவன், எங்களுடனேயே வேலை பார்ப்பவன். ஒல்லியாக இருப்பதால் கல்லூரியிலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கையில் தலை மடித்த ஒரு லாக்.

"இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லேன். அவசரம்."

"நீயே பாக்க வேண்டியதுதானே? கண்ணு தெரியலையா?"

"ரெண்டாவது ஆளு பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றான். பக்கத்து அறையில் மேனேஜரும் மற்றவர்களும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ கைதட்டினார்கள். யாருக்கோ பதவி உயர்வு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நீளக் காகிதத்தை மேசையில் விரித்தேன். இடது ஓரத்தில் காமா கோடு. களிப்பாறையில் இயற்கையாகவே கதிர்வீச்சு கொஞ்சம் அதிகம், அதனால் அங்கே கோடு வலப்பக்கம் போய் நடுங்கிக்கொண்டிருக்கும். சுத்தமான மணற்கல் வந்ததும் இடப்பக்கம் இறங்கி அமைதியாகிவிடும். இதில் மேலிருந்து களிப்பாறை, களிப்பாறை, பிறகு ஓரிடத்தில் கோடு சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கியது. நல்ல தடிமனான மணல். எண்ணெயோ தண்ணீரோ, தங்குவதற்கு இதைவிட நல்ல வீடு கிடையாது.

அதற்கு நேர் எதிரே மின்தடைக் கோட்டைப் பார்த்தேன். மணலின் துளைகளில் உப்புத் தண்ணீர் இருந்தால் மின்சாரம் சுலபமாக ஓடும், தடை குறையும். எண்ணெய் இருந்தால் மின்சாரம் ஓடாது, தடை ஏறும். எங்கள் பகுதியில் ஆழத்துத் தண்ணீர் எல்லாம் கடல் தண்ணீரைவிட உப்பு. மணல் வந்தால் மின்தடை படுத்துவிடும். இந்த மணலில் அது படுக்கவில்லை. மேலே ஏறி நின்றது. அதுவும் பாறையின் உள்ளே தூரம் வரை பார்க்கும் கோடு அதிகமாகவும், கிணற்றுச் சுவரை ஒட்டிப் பார்க்கும் கோடு குறைவாகவும் இருந்தன. சேற்றின் உப்புத் தண்ணீர் சுவரை ஒட்டிய எண்ணெயைத் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்துகொண்டால் இப்படித்தான் இருக்கும்.

"ஆகா" என்றேன்.

பென்சில் மேசைமேல் குனிந்தான்.

பார்த்தவுடன் துள்ளிக் குதிக்க வைக்கும் லாக்தான். ஆனால் எனக்கு எதிலும் ஆசை இல்லாத நேரம் அது. துள்ளாமல் கீழே வரை படித்தேன்.

முதலில் உறுத்தியது மணலின் அடி. எண்ணெய் தண்ணீரின் மேல் மிதக்கும். இவ்வளவு தடிமனான மணலில் மேலே எண்ணெய் இருந்தால் கீழே எங்காவது தண்ணீர் தொடங்கும், மின்தடை விழும். இதில் உச்சி முதல் அடி வரை ஒரே மாதிரி. சரி, மணல் முழுக்க எண்ணெயாகவும் இருக்கலாம். அடுத்து, துளைகளை அளக்கும் கோட்டை வைத்து ஒப்பிட்டேன். எண்ணெய் மணலில் துளை அதிகமுள்ள இடத்தில்தான் எண்ணெய் அதிகம் சேரும், மின்தடையும் அங்கேதான் ஏறும். இங்கே தலைகீழ். துளை நிறைய உள்ள இடத்தில் மின்தடை குறைந்தது. இறுகிப்போன மெல்லிய அடுக்குகளில்தான் உச்சிக்குப் போனது. தண்ணீர் நிறைந்த மணல்தான் இப்படி நடந்துகொள்ளும்.

தண்ணீர் என்றால் தடை ஏன் இவ்வளவு? அதற்கான விடை இடது ஓரத்திலேயே காமாவுக்குப் பக்கத்தில் இருந்தது. சேற்றின் உப்புக்கும் பாறைத் தண்ணீரின் உப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் கிணற்றில் தானாக ஒரு சிறு மின்னழுத்தம் எழும். அதற்கும் ஒரு கோடு உண்டு. எங்கள் கிணறுகளில் மணல் வந்தால் அது இடப்பக்கம் சாயும், ஏனென்றால் பாறைத் தண்ணீர் சேற்றைவிட உப்பு. இதில் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. பாறையில் இருப்பது சேற்றைவிட உப்பு குறைந்த தண்ணீர். நல்ல தண்ணீர். மின்சாரத்துக்கு நல்ல தண்ணீரும் எண்ணெய் மாதிரிதான், இரண்டிலும் சரியாக ஓடாது.

நீலப் பென்சிலை எடுத்தேன். எண்ணெய்க்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம். மணல் முழுவதையும் நீலத்தால் தீட்டினேன்.

"மழைத் தண்ணிடா இது. மலைப் பக்கம் எங்கயோ இந்த மணல் வெளியில தெரியுது, அது வழியா எறங்கி வந்திருக்கு. குடிக்கலாம் போல. எந்தப் பாவி ஆசையில மண்ணு விழுந்துச்சோ" என்று சிரித்துக்கொண்டே கிளிப்பைக் கழற்றி மடிப்பை விரித்தேன்.

அது என் கணவனுடைய கிணறு.

மேலதிகாரிகள் வேண்டாம் என்று சொல்ல, மூன்று வருடம் எல்லோரிடமும் வாயைக் கொடுத்து, கெஞ்சி, சண்டை போட்டு அவன் தோண்ட வைத்த கிணறு. அங்கே தோண்டிக்கொண்டிருந்த ரிக்கிலிருந்து திரும்பி வரும் வழியில்தான் லாரி மோதியது.

"அடுத்த வாரம்தானேடா லாக் பண்றதா சொன்னாங்க?"

"முன்னாடியே முடிச்சிட்டாங்க. நேத்தே வந்துடுச்சு. மேனேஜர் பாத்துட்டு எண்ணெய்னு சொல்லிட்டாரு. அங்க எல்லாரும் தலைகால் புரியாம இருக்காங்க. எனக்கு மட்டும் அந்த ஓரத்துக் கோடு உறுத்திச்சு." பென்சில் மடிப்பை விரலால் நீவினான். "யாரு கிணறுன்னு சொல்லிட்டுக் குடுத்திருந்தா உன்னால படிச்சிருக்க முடியாது. மன்னிச்சிரு."

அவனை அறையலாம் போல இருந்தது. அவன் செய்தது சரி என்பதால் இன்னும் கோபம் வந்தது. என் கணவனின் கிணற்றுக்கு நானே சிரித்துக்கொண்டே நீலம் தீட்டியிருக்கிறேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. என் கணவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், சாவுக்கு வந்து எங்கள் வாசலில் குழந்தை மாதிரி அழுதவர். நான் லாக்கோடு போய் நின்றதும் எழுந்து வந்தார். நீலத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏம்மா, இதெல்லாம் எனக்கும் தெரியாதா? ஒரு கோடு அப்படி இப்படி இருக்கும். கேசிங் குழாய் இறக்கி டெஸ்ட் பண்ணுவோம். எண்ணெய் இல்லன்னா அப்பப் பாத்துக்கலாம். நீயும் ஒரு கையெழுத்துப் போடு."

"டெஸ்ட் பண்ணா தண்ணிதான் சார் வரும்."

"உன் புருஷன் பொய் சொல்லுவானா? கிணத்துலருந்து வந்த பாறைத் தூள்ல எண்ணெய் இருக்குன்னு அவன் கண்ணால பாத்திருக்கான். புற ஊதா விளக்குல வச்சா நீலமா ஒளிருதுன்னு ரிப்போர்ட் அனுப்பியிருக்கான். லாக் ஒண்ணு சொல்லலாம், தூள் பொய் சொல்லாது."

அவன் பார்த்தது எனக்கும் தெரியும். ரிக்கிலிருந்து கிளம்பும் முன் எனக்குத்தான் போன் செய்தான். குரலே வேறு மாதிரி இருந்தது. "ஏய், ஒளிருதுடி. இளம் நீலம். லேசான எண்ணெய், உசத்தி சரக்கு. கை முழுக்க வாசனை, கழுவவே மாட்டேன். அப்பாகிட்ட சொல்லிடாத, நான் நேர்ல வந்து சொல்லணும். அவர் மூஞ்சியப் பாக்கணும் எனக்கு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை.

எண்ணெய் பார்த்தது நிஜம், லாக்கில் தண்ணீர் இருப்பதும் நிஜம் என்றால் நடுவில் ஏதோ இருக்க வேண்டும். என் மேசைக்கு வந்து ரிக்குக்குப் போன் செய்தேன். சேற்றுக்குப் பொறுப்பான இன்ஜினியர் எடுத்தார்.

"அந்த மணல் வந்தப்ப கிணத்துல ஏதாவது ஊத்தினீங்களா?"

"ஏன் மேடம்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"அதுக்குக் கொஞ்சம் முன்னால குழாய் சிக்கிக்கிச்சு மேடம். அசையவே இல்ல. சுத்தி ஊற வைக்க டீசல் விட்டோம். வழுக்கிக்கிட்டு வந்துடுச்சு. அப்புறம் திரும்பத் தோண்டினதுல மணல் வந்துச்சு."

டீசலும் அந்த விளக்கின் கீழ் இளநீலமாகத்தான் ஒளிரும். லேசான எண்ணெயும் அப்படித்தான். அந்த நேரத்தில், அதுவும் ஆசையோடு குனிந்து பார்க்கிறவனுக்கு, வித்தியாசம் தெரியாது.

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சார் அப்பத் தூங்கிட்டிருந்தாரு. முந்தின நாள் முழுக்க முழிச்சிட்டிருந்தாரு. ஷிப்ட் மாறிடுச்சு மேடம். அந்த ஷிப்ட்காரன் சொல்லியிருப்பான்னு நான் நெனச்சேன். நான் சொல்லியிருப்பேன்னு அவன் நெனச்சிருக்கான். சார் எந்திரிச்சு நேரா சல்லடைக்குப் போய்த் தூள அள்ளிட்டாரு. அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு, அப்புறம் யாரு மேடம்..." நான் வைத்துவிட்டேன்.

அவன் கையில் கழுவாமல் வைத்திருந்தது டீசல் வாசனை. எங்கள் வீட்டு ஜெனரேட்டரில் ஊற்றுகிற அதே டீசல். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை, யாராவது ஒரே ஒரு ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அன்றே கிளம்பியிருக்க மாட்டான். சலித்துக்கொண்டு அங்கேயே தூங்கியிருப்பான். உயிரோடு இருந்திருப்பான்.

திரும்பிப் போய் மேனேஜரிடம் டீசல் விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கேசிங் இறக்குறதுக்கு முன்னாடி, கம்பியில கருவி விட்டு அந்த மணல்லருந்து கொஞ்சம் உறிஞ்சிப் பாருங்க சார். நாளைக்கே தெரிஞ்சிடும்" என்றேன். "நான் நீலத்துக்குத்தான் கையெழுத்துப் போடுவேன்."

"நான் காலையிலயே உங்க மாமாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேம்மா" என்றார். "உங்க பையன் கிணத்துல எண்ணெய்னு. அவர் போன்லயே அழுதுட்டாரு. எனக்குத் தாங்கல, சொல்லிட்டேன்."

இதுதான் பாக்கி இருந்தது.

மாமனார் என்னோடுதான் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க ரிக்குகளில் டிரில்லராக வேலை பார்த்து, நுரையீரல் கெட்டு, பேசுவதற்கு நடுவில் மூச்சுக்கு நிறுத்துகிறவர். மகன் போனபின் அவர் பேசுவதையே விட்டுவிட்டார். தட்டை வைத்தால் பிசைவார், தள்ளிவிடுவார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உடம்பைவிட மனசுதான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லியிருந்தார். எனக்கு வீட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு ஆள்தான்.

அன்று மாலை கதவைத் திறந்தவர் சவரம் செய்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தாடையில் ஒரு சின்ன வெட்டுக்காயம்.

"வந்துட்டியா? உள்ள வா. டீ போட்டு வச்சிருக்கேன்" என்றார். அவர் டீ போட்டு நான் பார்த்ததே இல்லை. சர்க்கரையைக் கொட்டியிருந்தார். குடித்தேன்.

"பய சாதிச்சிட்டான் பாத்தியா? பத்துப் பேரு வேணாம்னாங்க. எங்கிட்டயே ஒரு நாள் சண்டை போட்டான், நீயும் நம்பலையாப்பான்னு. நான் நம்பலதான். டிரில்லர் புத்தி, துளை போட்டாத்தான் நம்புவேன்." மூச்சுக்கு நிறுத்தினார், சிரித்தார். "கிணத்துக்கு அவன் பேரு வைப்பாங்களா?"

"தெரியல மாமா."

"வைக்கட்டும். வைக்காட்டியும் போகுது."

அன்று இரண்டு தடவை சோறு வாங்கிப் போட்டுக்கொண்டார். அவன் சின்ன வயதில் அவருடைய வேலை ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ரிக் விளையாட்டு விளையாடியதையெல்லாம் சொன்னார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. இன்னும் உறுதியாகவில்லையே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். எனக்கு உறுதியாகத் தெரியும். அந்த ஒரு சாயங்காலத்தை அவரிடமிருந்து பிடுங்க எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் பென்சில்தான் செய்தி கொண்டுவந்தான். கருவி உறிஞ்ச உறிஞ்ச முதலில் சேற்றின் உப்புத் தண்ணீர் வந்தது, பிறகு உப்பு குறைந்துகொண்டே போனது. கடைசியில் குப்பியில் பிடித்தது தெளிவான தண்ணீர். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கிணற்றைச் சிமெண்ட் ஊற்றி மூட உத்தரவு வந்துவிட்டது.

"நீ சரியாத்தான் படிச்ச" என்றான்.

"வாயை மூடு" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமா அதே சட்டையில், செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். அவரை ஒருநாள் அந்தக் கிணற்றைப் பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தாராம். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"மாமா, அது எண்ணெய் இல்ல. தண்ணி."

அவர் குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினார்.

"லாக்கை நான்தான் படிச்சேன். இன்னைக்கு அந்த மணல்லருந்தே உறிஞ்சி எடுத்துப் பாத்துட்டாங்க. நல்ல தண்ணி. அதான் எண்ணெய் மாதிரி ஏமாத்திடுச்சு."

"அவன் தூள்ல பாத்தானே?"

அந்த இடத்தில் பொய் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். கொஞ்சம் எண்ணெய் இருந்தது, போதவில்லை என்று. வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"குழாய் சிக்குச்சா?"

தலையாட்டினேன்.

"டீசல் விட்டானுங்களா?"

நாற்பது வருடம் ரிக்கில் நின்றவரிடம் நான் எதை மறைப்பது? "ஆமா மாமா."

கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு இரைத்தது. இன்ஹேலரை எடுக்க எழுந்தேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா. யாருமே சொல்லல."

வேலை பார்த்தவர்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். நானே மனதுக்குள் அவர்களைத் திட்டித் தீர்த்திருந்தேன், அவரும் சேர்ந்து திட்டினால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நல்லவேளை" என்றார். "தெரியாமலே போயிட்டான்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவன் போன நாளிலிருந்து வராத அழுகை. மேசையில் தலையை வைத்து அழுதேன். அவர் என் தலைமேல் கையை வைத்துக்கொண்டு அவரும் அழுதார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே பால்காரன் மணியடித்துவிட்டு, யாரும் வராததால் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

பிறகு மாமா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போன்ல உங்கிட்ட என்ன சொன்னான்? இன்னொரு தடவ சொல்லு."

இதற்கு முன்னும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அப்போது அதில் எண்ணெய் இருந்தது. இப்போது அது டீசல் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவன் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"ஏய், ஒளிருதுடி. இளம் நீலம். லேசான எண்ணெய், உசத்தி சரக்கு. கை முழுக்க வாசனை, கழுவவே மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்பாகிட்ட சொல்லிடாத. நான் நேர்ல வந்து சொல்லணும்."